பூட்டியவர் இன்னும் உள்ளே இருக்கிறாரா?

“அண்ணா, காலையில 9:14-க்குப் போட்ட லாக். இப்ப மணி மூணாகப் போகுது. யாரோ ஓட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. உடைச்சிரட்டா?”

2024 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மதியம் 2:55. கேட்டவர் எங்கள் குழுவில் சேர்ந்து மூன்று மாதமான தம்பி. அவர் லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்தில் இது நின்றது:

```
Error: Error acquiring the state lock

Error message: ConditionalCheckFailedException:
The conditional request failed
Lock Info:
  ID:        3f0c9a52-7d1e-b8a4-61c7-2e95d04bfa13
  Operation: OperationTypeApply
  Who:       runner@fv-az801-412
  Version:   1.9.8
  Created:   2024-11-14 09:14:05.331874921 +0000 UTC
```

ஒரு கட்டளை தட்டினால் பூட்டு போய்விடும். விரல் கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. நான் கடைசி வரியின் கடைசி மூன்று எழுத்தைக் காட்டினேன். யு.டி.சி. அது கிரீன்விச் கணக்கு. நம் கடிகாரத்துக்கு அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். 9:14 என்பது இங்கே மதியம் 2:44. அவர் காலையிலிருந்து அநாதையாகக் கிடப்பதாக நினைத்த பூட்டுக்கு வயது 11 நிமிடம்.

பூட்டு எதற்கு என்று சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. இணையத்தில் கடை நடத்தும் நிறுவனம் எதுவானாலும் அதன் பின்னால் வாடகைக்கு எடுத்த சர்வர்கள், டேட்டாபேஸ்கள், ஃபயர்வால் விதிகள் என்று நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்கும். முன்பெல்லாம் அமேசானின் கிளவுட் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து உண்டாக்குவார்கள். யார் எப்போது எதைத் தட்டினார்கள் என்பது நினைவில் மட்டுமே இருக்கும். இப்போது ‘இன்ன அளவில் ஒரு டேட்டாபேஸ் வேண்டும், இன்ன கதவு திறந்திருக்க வேண்டும்’ என்று ஒரு கோப்பில் எழுதிவைத்து, அதை ஒரு கருவியிடம் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கருவிகளில் பரவலானது ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டெர்ராஃபார்ம்.

எழுதியதை எல்லாம் உண்டாக்கிய பிறகு, டெர்ராஃபார்ம் தன் பங்குக்கு ஒரு கணக்கும் வைத்துக்கொள்கிறது. ‘கோப்பில் orders என்று இருக்கும் டேட்டாபேஸ், கிளவுடில் இன்ன அடையாளத்தோடு இருப்பது’ என்று வரிக்கு வரி பொருத்திவைக்கும் பதிவேடு. இதற்குப் பெயர் ஸ்டேட். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அடங்கல் மாதிரி என்று வையுங்கள். நிலத்தில் நெல் நிற்கலாம். அடங்கலில் தரிசு என்று இருந்தால் அலுவலகத்துக்கு அது தரிசுதான். டெர்ராஃபார்மும் அப்படியே. அடுத்த முறை ஓடும்போது எதைப் புதிதாக உண்டாக்குவது, எதைத் திருத்துவது, எதை அழிப்பது என்று முடிவெடுப்பது இந்தப் பதிவேட்டையும் நம் கோப்பையும் ஒப்பிட்டுத்தான். உண்டாக்கிய பொருள் பதிவேட்டில் ஏறாமல் போனால், டெர்ராஃபார்மைப் பொறுத்தவரை அப்படி ஒன்று பிறக்கவே இல்லை.

ஒரே பதிவேட்டில் ஒரே சமயத்தில் இருவர் எழுதக் கூடாது. அதற்குத்தான் பூட்டு. எங்கள் பதிவேடு அமேசானின் எஸ்3 சேமிப்பில் இருந்தது; பூட்டு டைனமோடிபி என்ற அட்டவணையில் ஒரு வரி. ஓட்டம் தொடங்கும்போது ‘இந்தப் பெயரில் வரி இல்லையென்றால் மட்டும் எழுது’ என்று டெர்ராஃபார்ம் கேட்கும். வரி ஏற்கெனவே இருந்தால் மறுப்பு வரும். திரையில் நின்ற அந்த நீளமான ‘கண்டிஷனல்’ சொல்லுக்குப் பொருள் அவ்வளவுதான். ஓட்டம் முடிந்ததும் தன் வரியைத் தானே அழித்துவிட்டுப் போகும்.

இதில் இரும்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டு என்கிறோமே தவிர, அது வாசலில் ஒட்டிய சீட்டு: ‘உள்ளே வேலை நடக்கிறது, இன்னார், இத்தனை மணிக்குத் தொடங்கினோம்.’ சீட்டுக்குக் காலாவதியும் கிடையாது. எழுதியவர் நடுவில் செத்துப்போனால் நாளைக்கும் அடுத்த மாதமும் அது அங்கேயே ஒட்டியிருக்கும். அதனால் சீட்டை எப்படிக் கிழிப்பது என்பது எனக்கு ஒரு பொருட்டில்லை. எழுதியவர் உள்ளே உயிரோடு வேலை செய்கிறாரா என்பது ஒன்றுதான் தெரிந்தாக வேண்டும்.

2:55-க்கு அவர் செய்துகொண்டுதான் இருந்தார். `Who` வரியில் இருந்தது ஆள் பெயர் அல்ல. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வாடகைக்குத் தரும் தற்காலிக எந்திரத்தின் பெயர். அதைப் பார்த்து யார் என்று கண்டுபிடிக்க முடியாது. நேரத்தை வைத்துத் தேடினோம். 2:43-க்குத் தொடங்கிய ஒரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. புதிய ஆர்டர் டேட்டாபேஸ் ஒன்றை இன்னொரு குழு உண்டாக்கிக்கொண்டிருந்தது. அதன் பதிவுத் திரையில் பத்து வினாடிக்கு ஒரு வரி வந்து விழுந்தது:

```
aws_db_instance.orders: Still creating... [10m20s elapsed]
```

தம்பி அப்போது உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஃபயர்வால் விதி. பதிவேட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் வரிசை எண் உண்டு. அது 412 என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் ஓட்டம் 412-ஐ எடுத்து நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. நம்மவரும் அதே 412-ஐ எடுத்து, விதியை உண்டாக்கி, 413 என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறார். இரண்டே நிமிடம், ஒரு குறையும் தெரியாது. ஐந்து நிமிடம் கழித்து டேட்டாபேஸ் ஓட்டம் முடிகிறது. அது தன் நினைவில் இருந்த பிரதியில் டேட்டாபேஸைச் சேர்த்து, அதையும் 413 என்றே எழுதி மேலே வைக்கிறது. அதில் நம் ஃபயர்வால் விதி இல்லை. கிளவுடில் விதி இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. கடைசியாக எழுதியவர் எழுத்துதான் நிற்கும்.

இந்தத் தவறு நடந்ததற்கு ஓர் அறிகுறி உண்டு. முதல் ஓட்டம் முடிந்து தன் பூட்டை எடுக்கப் போகும்போது அது அங்கே இருக்காது. `Error releasing the state lock` என்று புலம்பும். அந்த வரியைப் பார்த்தால் ‘வேலைதான் முடிந்துவிட்டதே’ என்று தாண்டிப் போகக் கூடாது. யாரோ நடுவில் சீட்டைக் கிழித்திருக்கிறார்கள்.

இன்னொரு குறுக்குவழியை அந்தப் பிழைச் செய்தியே சொல்லிக்கொடுக்கும். கட்டளையோடு `-lock=false` என்று சேர்த்தால் பூட்டைப் பார்க்காமலே உள்ளே போகலாமாம், ஆனால் பரிந்துரைக்கவில்லையாம். வேண்டாம் என்பதை ஏன் அங்கே எழுதிவைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாற்றம் எதுவும் செய்யாமல் என்ன நடக்கும் என்று பார்க்க மட்டும் ஓட்டுகிற `plan`-க்கு வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். நிஜமாக மாற்றும் `apply`-க்கு அதைச் சேர்ப்பது, சமையல்காரர் சாம்பாருக்கு உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்வாசல் வழியாக வந்து நாமும் ஒரு கை போடுவது. பூட்டியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் செய்ய வேண்டியது காத்திருப்பது. அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது:

```
terraform apply -lock-timeout=15m
```

15 நிமிடம் வரை திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும். இடையில் பூட்டு விட்டால் தானே உள்ளே போகும். தம்பி அதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 3:02-க்கு, டேட்டாபேஸ் குழுவில் ஒருவர் அந்த ‘இன்னும் உண்டாக்குகிறேன்’ வரிகள் பதினேழு நிமிடமாக ஓடுவதைப் பார்த்து, தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி ரத்து பொத்தானை அழுத்திவிட்டார். தொங்கவில்லை. இரண்டு கட்டடங்களில் பிரதி வைக்கும் டேட்டாபேஸ் எழுந்து நிற்க இருபது நிமிடம் ஆவது புதிதல்ல. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. அதே வரிகளைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் அதே பொத்தானை அழுத்தியவன்தான்.

ரத்து செய்தால் டெர்ராஃபார்ம் ஒழுங்காகப் பூட்டை எடுத்துவிட்டுத்தானே போக வேண்டும்? முறைப்படி ஆம். விசைப்பலகையில் ஒரு முறை கண்ட்ரோல்-சி அடித்தால், புதிய வேலை எதையும் தொடங்காமல், கையில் இருப்பதைப் பதிவேட்டில் எழுதி, பூட்டை விட்டுவிட்டு வெளியேறும். பொறுமையில்லாமல் இரண்டாம் முறை அடித்தால் அப்படியே விழுந்துவிடும். தரவு போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் விழும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ரத்து பொத்தானை அழுத்தினால் முதலில் அந்தக் கண்ட்ரோல்-சிக்குச் சமமான சைகை போகும். ஏழரை வினாடி பார்க்கும். பிறகு இன்னொரு சைகை, இரண்டரை வினாடி. அதற்கும் அடங்காவிட்டால் கழுத்தை நெரித்துவிடும். ஆக மொத்தம் பத்து வினாடி. எங்கள் விஷயத்தில் அந்தப் பத்து வினாடியும் வீண். டெர்ராஃபார்மை நாங்கள் ஒரு ஷெல் ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஓட்டினோம். சைகை ஸ்கிரிப்டை ஓட்டிய ஷெல்லுக்குப் போனது. உள்ளே இருந்த டெர்ராஃபார்மின் காதில் விழவே இல்லை. அடுத்து அதற்குத் தெரிந்தது மரணம்தான்.

3:10-க்குத் தம்பி திரும்பிவந்து ஒரு காலியான `plan` ஓட்டிப் பார்த்தார். அதே பிழை, 3f0c என்று தொடங்கும் அதே அடையாள எண். அடையாள எண்ணை ஒப்பிடுவது முக்கியம். எண் மாறியிருந்தால் பழையவர் போய் வேறொருவர் உள்ளே வந்திருக்கிறார் என்று பொருள். மாறவில்லை. ஓட்டம் ரத்தானதாகக் கிட்ஹப் பக்கம் சொல்கிறது. இப்போது உடைக்கலாமா?

ரத்து என்று பக்கத்தில் எழுதியிருப்பது பக்கத்தின் வாக்குமூலம். செத்ததற்குச் சான்று வேறு. கிட்ஹப் தரும் தற்காலிக எந்திரம் என்றால் வேலை முடிந்ததும் எந்திரமே கலைக்கப்பட்டுவிடும் என்பதால் ஓரளவு நம்பலாம். சொந்த சர்வரில் ஓட்டுபவர்கள் அந்த சர்வருக்குள் போய் டெர்ராஃபார்ம் என்ற பெயரில் எதுவும் இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்:

```
ps -ef | grep terraform
```

`Who` வரியில் ஆள் பெயரும் லேப்டாப் பெயரும் இருந்தால் அவருக்கு ஃபோன் போட வேண்டும். மூடிவைத்த லேப்டாப் செத்த லேப்டாப் அல்ல. திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரப் பார்க்கும்.

நாங்கள் இன்னொரு சாட்சியையும் விசாரித்தோம். கிளவுடில் யார் எந்த அழைப்பைச் செய்தாலும் அதைக் குறித்துவைக்கும் கிளவுட்டிரெயில் என்ற பதிவு இருக்கிறது. டேட்டாபேஸ் எழுவதற்காகக் காத்திருக்கும் டெர்ராஃபார்ம் சும்மா இருக்காது. ‘ஆயிற்றா, ஆயிற்றா’ என்று `DescribeDBInstances` என்ற அழைப்பை விட்டுவிட்டுச் செய்துகொண்டே இருக்கும். உயிரோடு இருந்தால் அந்தத் துடிப்பு தெரியும். இரண்டு இடத்தில் ஏமாறலாம். அந்தப் பக்கத்தைத் திறந்தால், வெறுமனே படிக்கிற அழைப்புகளை மறைக்கும் வடிகட்டி ஒன்று முதலிலேயே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காவிட்டால் உயிரோடு இருப்பவரும் பிணம் மாதிரிதான் தெரிவார். அதோடு, அழைப்பு நடந்து பதிவில் ஏறச் சராசரியாக ஐந்து நிமிடம் ஆகும். அதனால் கடைசி ஐந்து நிமிட மௌனத்துக்கு மதிப்பில்லை. 3:20 வரை காத்திருந்து பார்த்தோம். பைப்லைனின் பெயரில் கடைசித் துடிப்பு 3:02. அதன் பிறகு ஒன்றுமில்லை.

உடைக்கும் முன் பதிவேட்டுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டோம். இதற்குப் பூட்டு தேவையில்லை. படிக்க மட்டும்தான் செய்கிறது. அதன் பிறகு, அதே கோப்புகள் இருக்கும் அதே அடைவிலிருந்து, அடையாள எண்ணோடு:

```
terraform state pull > backup-1114.tfstate
terraform force-unlock 3f0c9a52-7d1e-b8a4-61c7-2e95d04bfa13
```

நிஜமாகவா என்று கேட்கும். `yes` என்று முழுதாகத் தட்டினால்தான் ஒப்புக்கொள்ளும். சிலர் இதைச் செய்யாமல் நேரே டைனமோடிபி அட்டவணைக்குள் போய் வரியை அழிப்பார்கள். விளைவு ஒன்றுதானே என்பார்கள். ஒன்றல்ல. `force-unlock` நாம் கொடுத்த எண்ணோடு பொருந்தும் பூட்டை மட்டுமே எடுக்கும். நாம் தட்டுவதற்குள் வேறொருவர் உள்ளே வந்து புதுப் பூட்டுப் போட்டிருந்தால் மறுத்துவிடும். அட்டவணையில் அழிக்கும் கைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போதாக்குறைக்கு அங்கே அதே பெயரில் `-md5` என்று முடியும் இன்னொரு வரியும் இருக்கும். அது பூட்டே அல்ல. பதிவேட்டுக் கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் கைரேகை.

பூட்டு போய்விட்டது. நடுவில் செத்தவர் எந்த நிலையில் வேலையை விட்டுவிட்டுப் போனார் என்று தெரியாமல் அடுத்த `apply` போடக் கூடாது. தம்பியின் கிளையில் இருந்த ஃபயர்வால் கோப்பை ஓரமாக வைத்துவிட்டு, ரத்தான ஓட்டம் எந்தக் கமிட்டிலிருந்து ஓடியதோ அதே கமிட்டை எடுத்து `plan` ஓட்டினோம். வேறு கோப்போடு ஓட்டினால் எது மிச்ச வேலை, எது நம் புது வேலை என்று பிரித்தறிய முடியாது. பதில் வந்தது: இரண்டு உருப்படிகளை உண்டாக்க வேண்டும். ஒன்று டேட்டாபேஸ், மற்றது அந்த டேட்டாபேஸ் திணறினால் மணியடிக்கும் அலாரம்.

அலாரம் சரிதான். டேட்டாபேஸ் வந்த பிறகுதான் அது வர முடியும், தொடங்கவே இல்லை. ஆனால் கிளவுட் பக்கத்தைத் திறந்து பார்த்தால் `orders-prod` என்ற டேட்டாபேஸ் கம்பீரமாக நின்றது. டெர்ராஃபார்ம் செத்ததற்காக அமேசான் கட்டுவதை நிறுத்தவில்லை. உண்டாக்கும் வேலை முழுதாக முடிந்து பதில் வந்தால்தான் டெர்ராஃபார்ம் அதைப் பதிவேட்டில் ஏற்றும். பதில் வரும் முன் எழுதுகிறவர் போய்விட்டார். நிலத்தில் நெல், அடங்கலில் தரிசு.

இங்கே ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. டேட்டாபேஸுக்கு நாம் வைக்கும் பெயர் ஒரு கணக்குக்குள் ஒரே வட்டாரத்தில் இரண்டு முறை வர முடியாது. அப்படியே `apply` போட்டிருந்தாலும், ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழையோடு நின்றிருக்கும். சாதாரண சர்வர் என்றால் அந்தக் காவல் இல்லை. ஒரே பெயர்ப் பட்டையோடு எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்க அமேசான் அனுமதிக்கும். சத்தமில்லாமல் இரண்டாவது சர்வர் வந்துவிடும். முதலாவது யார் கணக்கிலும் இல்லாமல் வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துத்தான் தெரியும். அதனால் செத்த ஓட்டத்தின் பதிவுத் திரையில் எந்தெந்த உருப்படிகள் ‘உண்டாக்குகிறேன்’ என்று தொடங்கி ‘முடிந்தது’ என்று சொல்லாமல் நின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கிளவுடில் அவை இருக்கின்றனவா என்று தேட வேண்டும். எங்களுக்கு அப்படி நின்றது டேட்டாபேஸ் ஒன்றுதான்.

இருக்கும் பொருளைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ள, டெர்ராஃபார்ம் 1.5 முதல் கோப்பிலேயே எழுதும் வழி இருக்கிறது:

```
import {
  to = aws_db_instance.orders
  id = "orders-prod"
}
```

டேட்டாபேஸ் தயார் நிலைக்கு வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டு, இதைச் சேர்த்து மறுபடி `plan`. இப்போது பதில் இப்படி:

```
Plan: 1 to import, 1 to add, 1 to change, 0 to destroy.
```

அந்த ஒரு மாற்றம் என்ன என்று பார்க்காமல் போகக் கூடாது என்று தம்பியே சொன்னார். கடவுச்சொல். இருக்கும் டேட்டாபேஸின் கடவுச்சொல்லை அமேசான் யாருக்கும் திருப்பிச் சொல்லாது. அதனால் டெர்ராஃபார்ம் கோப்பில் இருப்பதையே மறுபடி வைக்கப் பார்க்கிறது. வைத்தால் நஷ்டமில்லை. அழிக்க வேண்டியது சுழியம் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்த எண். பைப்லைன் வழியாகவே ஓட்டினோம். 3:50-க்கு எல்லாம் ஏறியது. இன்னொரு `plan` போட்டதில் மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. தம்பியின் ஃபயர்வால் விதி 4 மணிக்குப் போனது.

மறுநாள் ஸ்கிரிப்டில் ஒரு சொல்லைச் சேர்த்தோம். டெர்ராஃபார்மை அழைக்கும் வரிக்கு முன்னால் `exec`. அப்படி எழுதினால் ஷெல் தன் இடத்தை டெர்ராஃபார்முக்கே கொடுத்துவிட்டு விலகும். ரத்து சைகை நேரே அதன் காதுக்குப் போகும். பத்து வினாடி எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காது கேட்காதவனுக்குக் கொடுத்த பத்து வினாடியைவிட மேல். லேப்டாப்பிலிருந்து `apply` ஓட்டும் உரிமையையும் எடுத்துவிட்டோம். அதற்குத்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.

அதே மாதக் கடைசியில் டெர்ராஃபார்ம் 1.10 வந்தது. பூட்டுக்கென்று தனி அட்டவணை இல்லாமல், எஸ்3 சேமிப்பிலேயே பதிவேட்டுக்குப் பக்கத்தில் `.tflock` என்று முடியும் ஒரு கோப்பை வைத்துப் பூட்டும் வசதியைச் சோதனை அளவில் தந்தார்கள். அடுத்த 1.11-இல் அது உறுதியாகி, டைனமோடிபி வழி விடைபெறும் பட்டியலில் சேர்ந்தது. நாங்களும் மாறிவிட்டோம். சீட்டு ஒட்டும் இடம்தான் மாறியிருக்கிறது. காலாவதி இன்னும் கிடையாது, நேரமும் இன்னும் கிரீன்விச் கணக்கில்தான் வருகிறது. தம்பி தன் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் தாளில் +5:30 என்று எழுதி ஒட்டிவைத்திருக்கிறார்.